பற்றா, வரவா? கணக்கியலின் மூன்று பொன் விதிகளை ஒரு கருப்பட்டிக் கடையை வைத்துப் படிப்போம்

பி.காம் முதலாண்டு மாணவர்களிடம் பொன் விதிகளைக் கேட்டால் மூன்றையும் தப்பில்லாமல் ஒப்பித்துவிடுவார்கள். குறிப்பேட்டுப் பதிவு எழுதச் சொன்னால்தான் கை தடுமாறும். காரணம் ஒன்றுதான். விதி தெரிகிறது, ஆனால் எதிரே இருக்கும் கணக்கு எந்த வகை என்பது தெரியவில்லை. வகையைச் சரியாகப் பிடித்துவிட்டால் விதி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே இந்த வழிகாட்டியில் விதிகளுக்குக் கொஞ்ச நேரமும் வகை பிரிப்பதற்கு நிறைய நேரமும் செலவழிக்கப் போகிறோம்.

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஆள்சார் கணக்கு: பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை.

சொத்துக் கணக்கு: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை.

பெயரளவுக் கணக்கு: செலவையும் நட்டத்தையும் பற்று வை, வருமானத்தையும் இலாபத்தையும் வரவு வை.

பற்று என்பது டெபிட், வரவு என்பது கிரெடிட். ஆங்கில வழியில் படிப்பவர்கள் அப்படியே மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

## பற்று நோட்டில் ஏற்கெனவே இருக்கும் விதி

நம் ஊர் மளிகைக் கடையில் மாதச் சம்பளக்காரர் சாமான் வாங்கிவிட்டு, "அண்ணாச்சி, பத்துல எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அண்ணாச்சி நோட்டை எடுத்து அவர் பெயரில் தொகையை எழுதுவார். சாமானைப் பெற்றவர் அவர், அதனால் அவர் பெயரில் பற்று. முதல் தேதி சம்பளம் வந்ததும் அவர் பணம் கொடுப்பார், அதே பக்கத்தில் வரவு எழுதப்படும். இப்போது அவர் தருபவர். முதல் பொன் விதி முழுவதும் இந்த நோட்டில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, எழுதுவது யாருடைய நோட்டு என்பது. அண்ணாச்சி நோட்டில் வாடிக்கையாளர் பெறுபவர். அதே வாடிக்கையாளர் தன் வீட்டில் ஒரு நோட்டு வைத்திருந்தால், அதில் அண்ணாச்சிதான் தருபவர், அதனால் அங்கே அண்ணாச்சி பெயரில் வரவு விழும். நடந்தது ஒன்றுதான், நோட்டு இரண்டு. பரீட்சையில் 'கீழ்க்கண்ட நடவடிக்கைகளை இன்னாரது ஏடுகளில் பதிக' என்று கேட்கும்போது, 'இன்னார்' யார் என்பதை முதலில் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி மாணவர்களைக் குழப்புவதும் இதனால்தான். பணம் போட்டால் 'கிரெடிட்' என்று செய்தி வருகிறது, வகுப்பிலோ வங்கிக் கணக்கைப் பற்று வைக்கச் சொல்கிறார்கள். அந்தச் செய்தி வங்கியின் ஏட்டிலிருந்து வருகிறது. அவர்கள் ஏட்டில் நீங்கள் தருபவர், ஆகவே உங்களுக்கு வரவு. உங்கள் ஏட்டில் வங்கி பெறுபவர், ஆகவே வங்கிக்குப் பற்று. இரண்டும் சரி.

இன்னொன்று, வீட்டு வரவு செலவு நோட்டில் வந்த பணத்தையெல்லாம் 'வரவு' என்று எழுதிப் பழகியிருப்போம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். கணக்கியலில் கைக்கு வந்த ரொக்கம் பற்றுதான்.

## வகை பிரிப்பது எப்படி

ஒரு கணக்கின் பெயரைப் பார்த்ததும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

இந்தப் பெயருக்குப் பின்னால் நமக்குப் பணம் தர வேண்டிய ஆளோ, நாம் பணம் தர வேண்டிய ஆளோ இருக்கிறாரா? இருந்தால் ஆள்சார் கணக்கு. ஆள் என்றால் மனிதர் மட்டுமல்ல. வங்கி, கம்பெனி, கூட்டுறவுச் சங்கம், கல்லூரி எல்லாம் இதில் சேரும்.

ஆள் இல்லையென்றால், இது கடைக்குச் சொந்தமான பொருளா, உரிமையா? ரொக்கம், தராசு, மேசை, கட்டடம் எல்லாம் சொத்துக் கணக்கு. கண்ணுக்குத் தெரியாத நற்பெயரும் காப்புரிமையும்கூட இதில்தான்.

இரண்டும் இல்லையென்றால் மிஞ்சுவது பெயரளவுக் கணக்கு. வாடகை, சம்பளம், வட்டி, தள்ளுபடி, கமிஷன். இவற்றைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது, இவற்றிடம் போய்ப் பணம் கேட்கவும் முடியாது.

ஆளைப் பற்றிய கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 'சம்பளம்' என்ற சொல்லைக் கண்டதும் பெயரளவு என்று எழுதிவிடுவது வழக்கம். ஆனால் 'கொடுபட வேண்டிய சம்பளம்' என்றால் பின்னால் சம்பளம் வாங்காத ஓர் ஆள் நிற்கிறார். 'முன்கூட்டிச் செலுத்திய வாடகை' என்றால் பின்னால் கட்டட உரிமையாளர் நிற்கிறார். இவை அந்த ஆட்களின் பிரதிநிதிகள், அதனால் ஆள்சார் கணக்குகள். செலவின் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ இப்படி ஓர் ஒட்டு வந்தால் உடனே நின்று பாருங்கள்.

## ஒரு மாதக் கணக்கு

ஓர் உதாரணக் கடையை வைத்துக்கொள்வோம். சுடலைமுத்து அண்ணாச்சி பாளையங்கோட்டையில் கருப்பட்டிக் கடை தொடங்குகிறார். சரக்கு உடன்குடியிலிருந்து வருகிறது. நாம் எழுதுவது கடையின் ஏடு, அண்ணாச்சியின் சொந்த ஏடு அல்ல.

ஏப்ரல் 1. ரூ.1,50,000 ரொக்கத்துடன் தொழில் தொடங்கினார்.

முதல் படி, இதில் இருக்கும் இரண்டு கணக்குகளைக் கண்டுபிடிப்பது. ஒன்று ரொக்கம். மற்றொன்று முதல். இரண்டாவது படி, வகை. ரொக்கம் சொத்துக் கணக்கு. முதல்? பலரும் பணம்தானே என்று அதையும் சொத்தில் சேர்த்துவிடுவார்கள். பணம் ஏற்கெனவே ரொக்கக் கணக்கில் இருக்கிறது. முதல் கணக்கு என்பது அந்தப் பணத்தைத் தந்த அண்ணாச்சியின் கணக்கு. கடை வேறு, முதலாளி வேறு என்று கணக்கியல் பார்க்கிறது, இதைத் தனித்தன்மைக் கருத்து என்பார்கள். கடையின் பார்வையில் அண்ணாச்சி வெளியாள், கடை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆகவே முதல் ஆள்சார் கணக்கு.

மூன்றாவது படி, ஒவ்வொரு கணக்கிற்கும் அதனதன் விதி. ரொக்கம் உள்ளே வந்தது, பற்று. அண்ணாச்சி தருபவர், வரவு.

ரொக்க க/கு ப … 1,50,000
முதல் க/கு … 1,50,000

ஒரு பதிவுக்கு ஒரே விதி என்று நினைத்துக்கொண்டு, 'இது சொத்து விதியில் வருமா, ஆள் விதியில் வருமா' என்று கேட்கும் மாணவர்கள் நிறைய. விதி பதிவுக்கு அல்ல, கணக்கிற்கு. இங்கே ஒரு வரிக்கு இரண்டாம் விதி, அடுத்த வரிக்கு முதல் விதி.

ஏப்ரல் 1. கட்டட உரிமையாளருக்குக் கடை அட்வான்ஸ் ரூ.25,000.

இதை வாடகைக் கணக்கில் எழுதினால் முழுத் தப்பு. கடையைக் காலி செய்யும்போது திரும்பக் கேட்க வேண்டிய பணம் இது. கேட்க ஓர் ஆள் இருக்கிறார், ஆகவே ஆள்சார் கணக்கு. உரிமையாளர் பெறுபவர், பற்று. ரொக்கம் வெளியே போனது, வரவு.

கடை வாடகை அட்வான்ஸ் க/கு ப … 25,000
ரொக்க க/கு … 25,000

ஏப்ரல் 2. வங்கியில் போட்டது ரூ.1,00,000. வங்கி ஆள், பெறுபவர், பற்று. ரொக்கம் வெளியே போனது, வரவு. இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 3. எலெக்ட்ரானிக் தராசு ரூ.8,000. ஜங்ஷனிலிருந்து கடைக்குக் கொண்டுவந்த ஆட்டோக் கூலி ரூ.300. இரண்டும் ரொக்கம்.

தராசு சொத்து, உள்ளே வந்தது, பற்று. ஆட்டோக் கூலி? கூலி என்றதும் செலவு, பெயரளவு, பற்று என்று எழுதத் தோன்றும். ஆனால் ஒரு சொத்தைக் கடைக்குக் கொண்டுவந்து பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவெல்லாம் அந்தச் சொத்தின் அடக்கவிலையோடு சேர வேண்டும்.

தராசு க/கு ப … 8,300
ரொக்க க/கு … 8,300

ஏப்ரல் 4. உடன்குடி வியாபாரியிடம் கடனுக்குக் கருப்பட்டி ரூ.60,000. லாரி வாடகை ரூ.1,200 ரொக்கம்.

சரக்கு வாங்கினால் 'சரக்குக் கணக்கு' என்று எழுதுவதில்லை, கொள்முதல் கணக்கு என்று எழுத வேண்டும். விற்றால் விற்பனைக் கணக்கு. கொள்முதல் எந்த வகை என்பதில் பாடநூல்களிடையே இரண்டு பார்வை உண்டு. சரக்கு ஒரு பொருள், உள்ளே வந்தது என்று சொத்து விதியில் பற்று வைப்பவர்கள் உண்டு. கொள்முதல் ஒரு செலவு என்று பெயரளவு விதியில் பற்று வைப்பவர்களும் உண்டு. எந்த வழியில் போனாலும் பற்றுதான், பதிவு மாறாது. உங்கள் ஆசிரியர் சொல்லும் வழியில் எழுதிவிட்டுப் போங்கள், இதற்காகச் சண்டை போடத் தேவையில்லை.

கொள்முதல் க/கு ப … 60,000
உடன்குடி வியாபாரி க/கு … 60,000

லாரி வாடகை, தராசின் ஆட்டோக் கூலியைப் போன்றது அல்ல. விற்பதற்காக வாங்கிய சரக்கின் மேல் ஆன செலவு இது, தனியாக 'உள்தூக்குக் கூலி' என்று பெயரளவுக் கணக்கில் பற்று வைக்க வேண்டும். வண்டிக்குக் கொடுத்த காசு என்பதில் இரண்டும் ஒன்றுதான். வண்டியில் என்ன வந்தது என்பதுதான் கணக்கைத் தீர்மானிக்கிறது.

ஏப்ரல் 10. ரொக்க விற்பனை ரூ.22,000. ரொக்கம் பற்று, விற்பனை வரவு. கேள்வியில் 'முருகனுக்கு ரொக்கத்திற்கு விற்றது' என்று கொடுத்திருந்தாலும் இதே பதிவுதான். பணம் வந்துவிட்டது, முருகன் நமக்கு எதுவும் தர வேண்டியதில்லை, அவருக்குக் கணக்குத் திறக்க வேண்டாம். பெயர் மட்டும் கொடுத்து ரொக்கம் என்று சொல்லாமல் விட்டிருந்தால் அதைக் கடன் விற்பனையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 12. மிட்டாய்க் கடைக்குக் கடனுக்கு விற்றது ரூ.15,000. மிட்டாய்க் கடை பெறுபவர், பற்று. விற்பனை வரவு.

ஏப்ரல் 15. உடன்குடி வியாபாரிக்குக் காசோலை ரூ.40,000. இரண்டுமே ஆள்சார் கணக்கு. வியாபாரி பெறுபவர், பற்று. வங்கி நமக்காகத் தருபவர், வரவு. இங்கே ரொக்கக் கணக்கைத் தொடக் கூடாது. காசோலை என்ற சொல் வந்தால் வங்கி.

ஏப்ரல் 18. மிட்டாய்க் கடைக்காரர் ரூ.14,700 ரொக்கம் கொடுத்துக் கணக்கை முழுமையாகத் தீர்த்துக்கொண்டார்.

இந்த ஒரு பதிவில் மூன்று வகையும் வரும், அதனால் மெதுவாகப் பார்ப்போம். அவர் தர வேண்டியது 15,000. வந்தது 14,700. 'முழுமையாகத் தீர்த்துக்கொண்டார்' என்ற சொற்களைக் கவனிக்காவிட்டால் மீதி 300 அவர் கணக்கில் பாக்கியாகவே நிற்கும். அந்த 300 தள்ளுபடி. விட்டுக்கொடுத்தது கடை, ஆகவே கடைக்கு நட்டம்.

ரொக்கம் சொத்து, உள்ளே வந்தது: பற்று 14,700. அளித்த தள்ளுபடி பெயரளவு, நட்டம்: பற்று 300. மிட்டாய்க் கடைக்காரர் ஆள், தருபவர்: வரவு. எவ்வளவு வரவு? 14,700 என்று எழுதினால் பதிவு சமன் ஆகாது, அந்த இடத்திலேயே தப்பு தெரிந்துவிடும். அவர் பெயரில் பாக்கி எதுவும் நிற்கக் கூடாது என்பதால் முழு 15,000.

ரொக்க க/கு ப … 14,700
அளித்த தள்ளுபடி க/கு ப … 300
மிட்டாய்க் கடை க/கு … 15,000

ஏப்ரல் 20. குலதெய்வக் கோவில் கொடைக்கு வீட்டுக்கு எடுத்துப்போன கருப்பட்டி, அடக்கவிலை ரூ.1,000.

கொடைப் பொங்கலுக்குக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டால் அது கடையின் செலவு ஆகாது. பெற்றவர் அண்ணாச்சி என்ற ஆள். அவருக்கான தனிக் கணக்கின் பெயர் எடுப்புகள். ஆகவே எடுப்புகள் பற்று. சரக்கு வெளியே போனது, ஆனால் விற்கவில்லை. விற்பனையை வரவு வைத்தால் நடக்காத வியாபாரம் நடந்ததாகிவிடும். வாங்கிய விலைக்கே கொள்முதலைக் குறைக்க வேண்டும்.

எடுப்புகள் க/கு ப … 1,000
கொள்முதல் க/கு … 1,000

ஏப்ரல் 30. கடை வாடகை ரூ.5,000 ரொக்கம். கடைப் பையனுக்கு இம்மாதச் சம்பளம் ரூ.6,000 இன்னும் கொடுக்கவில்லை.

வாடகைக்கு எளிய பதிவு: வாடகை பற்று, ரொக்கம் வரவு. உரிமையாளர் பெற்றாரே, அவரைப் பற்று வைக்க வேண்டாமா என்று கேட்பார்கள். அவர் திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை. ஒரு மாதம் இடம் தந்தார், அதற்குப் பணம் வாங்கினார், தீர்ந்தது. அட்வான்ஸுக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: ஒன்றில் பாக்கி நிற்கிறது, மற்றதில் நிற்கவில்லை.

சம்பளத்தில் பணமே கைமாறவில்லை. ஆனாலும் ஏப்ரல் மாத வேலை நடந்துவிட்டது, செலவு ஏற்பட்டுவிட்டது. சம்பளம் பெயரளவு, செலவு, பற்று. பையன் உழைப்பைத் தந்தவர், பணம் பெறாதவர், அவருடைய பிரதிநிதிக் கணக்கிற்கு வரவு.

சம்பள க/கு ப … 6,000
கொடுபட வேண்டிய சம்பள க/கு … 6,000

## சமன் ஆகிறதா?

எல்லாவற்றையும் பேரேட்டில் எடுத்து எழுதி இருப்பு கட்டினால் ஏப்ரல் 30 இருப்பாய்வு இப்படி வரும்.

| கணக்கு | வகை | பற்று | வரவு |
|---|---|---|---|
| ரொக்கம் | சொத்து | 47,200 | |
| வங்கி | ஆள்சார் | 60,000 | |
| கடை வாடகை அட்வான்ஸ் | ஆள்சார் | 25,000 | |
| தராசு | சொத்து | 8,300 | |
| கொள்முதல் | பெயரளவு | 59,000 | |
| உள்தூக்குக் கூலி | பெயரளவு | 1,200 | |
| அளித்த தள்ளுபடி | பெயரளவு | 300 | |
| எடுப்புகள் | ஆள்சார் | 1,000 | |
| வாடகை | பெயரளவு | 5,000 | |
| சம்பளம் | பெயரளவு | 6,000 | |
| முதல் | ஆள்சார் | | 1,50,000 |
| உடன்குடி வியாபாரி | ஆள்சார் | | 20,000 |
| விற்பனை | பெயரளவு | | 37,000 |
| கொடுபட வேண்டிய சம்பளம் | ஆள்சார் | | 6,000 |
| மொத்தம் | | 2,13,000 | 2,13,000 |

மிட்டாய்க் கடை இந்தப் பட்டியலில் இல்லை, அவர் கணக்கு தீர்ந்துவிட்டது.

சமன் ஆனதும் பேனாவை மூடிவிடாதீர்கள். அட்வான்ஸ் 25,000-ஐ வாடகையில் எழுதியிருந்தாலும் இதே 2,13,000 வந்திருக்கும். ஆட்டோக் கூலியை உள்தூக்குக் கூலியில் சேர்த்திருந்தாலும் வந்திருக்கும். பற்றுப் பக்கத்திலேயே ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கிற்குத் தொகை மாறினால் மொத்தம் அசையாது. வகை மாறிப்போகும் இந்தத் தவறை விதிப் பிழை என்பார்கள், இருப்பாய்வுக்கு இதைக் காட்டிக்கொடுக்கத் தெரியாது. இதன் விளைவு அடுத்த கட்டத்தில்தான் தெரியும். பெயரளவுக் கணக்குகள் எல்லாம் ஆண்டு முடிவில் வியாபாரக் கணக்கிற்கும் இலாப நட்டக் கணக்கிற்கும் போய் முடிந்துவிடும். ஆள்சார், சொத்துக் கணக்குகள் இருப்புநிலைக் குறிப்புக்குப் போய் அடுத்த ஆண்டும் தொடரும். எடுப்புகள் மட்டும் முதல் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டு அதோடு சேர்ந்துவிடும். அட்வான்ஸ் தப்பான வகைக்குப் போனால் இலாபம் 25,000 குறைந்து தெரியும், உரிமையாளரிடம் கேட்க வேண்டிய பணமோ ஏட்டிலிருந்தே மறைந்துபோகும்.

இப்படிப்பட்ட தவறைப் பிடிக்க, ஒவ்வொரு இருப்பையும் அதன் வகையோடு வைத்துப் பாருங்கள். ரொக்கத்தில் வரவு இருப்பு வரவே முடியாது, பெட்டியில் இருப்பதற்கு மேல் எடுக்க முடியாது. வந்திருந்தால் எங்கோ பக்கம் மாறியிருக்கிறது. செலவுக் கணக்கு வரவு இருப்புக் காட்டினாலும் அப்படித்தான். ஆள்சார் கணக்கு மட்டும் எந்தப் பக்கமும் நிற்கலாம், ஆனால் அந்த ஆள் நமக்குத் தர வேண்டியவரா, நாம் அவருக்குத் தர வேண்டுமா என்று கேட்டால் பக்கம் சரியா என்று தெரிந்துவிடும். பிறகு தொகையின் அளவைப் பாருங்கள். மாதம் 5,000 வாடகையுள்ள கடையில் வாடகைக் கணக்கு முதல் மாதமே 30,000 காட்டினால், பேரேட்டைத் திறந்து தேதிவாரியாகப் பார்க்க வேண்டியதுதான்.

மே மாதம் 2-ஆம் தேதி அண்ணாச்சி பையனுக்கு அந்த 6,000-ஐக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எந்தக் கணக்கைப் பற்று வைப்பீர்கள்? சம்பளத்தை என்று எழுதினால் ஏப்ரல் சம்பளம் இரண்டு முறை செலவாகிவிடும், பையனுக்குக் கொடுத்த பிறகும் கொடுக்க வேண்டியதாகவே ஏடு காட்டிக்கொண்டிருக்கும். ஏப்ரல் செலவு ஏப்ரலிலேயே பதிவாகிவிட்டது. இப்போது நடப்பது ஓர் ஆளின் பாக்கியைத் தீர்ப்பது மட்டும். அவர் பெறுபவர்.

கொடுபட வேண்டிய சம்பள க/கு ப … 6,000
ரொக்க க/கு … 6,000